மெழுகு முகம்

ராத்திரியில் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தில் இரண்டு வித அசிங்கங்கள் தெரியும். ஒன்று, ரவை தூவியது மாதிரி கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். இன்னொன்று, கன்னத்திலும் நிழலிலும் நீலம், பச்சை, மெஜந்தாவில் திட்டுத் திட்டாகக் கறைகள். இரண்டையும் ஒரே வியாதி என்று நினைத்து ஒரே மருந்து கொடுப்பதால்தான் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடுகிறது.

காரணம் எளிது. வெளிச்சம் போதாதபோது ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுகிறோம். அதனால் வெளிச்சம் கூடிவிடுவதில்லை. கிடைத்த சொற்ப வெளிச்சத்தைக் காமிரா பெருக்குகிறது, கூடவே இரைச்சலும் பெருகுகிறது. மஞ்சள் பல்பு என்றால் இன்னும் மோசம். அதில் நீலம் ரொம்பக் குறைச்சல். நிறத்தைச் சரிக்கட்ட நீலத்தை மட்டும் தனியாகத் தூக்குவதால் கறைகள் அதிலிருந்துதான் அதிகம் முளைக்கும்.

நண்பர் ஒருவர் கும்பகோணம் பக்கத்துக் கோயிலில், சாமி புறப்பாட்டின்போது தன் அம்மாவை எடுத்திருந்தார். தீவட்டி வெளிச்சம், ஐ.எஸ்.ஓ. 6400. அம்மா போய்விட்டார். அவர் சிரிக்கிற ஒரே நல்ல படம் அதுதான். ஸ்டூடியோவில் கொடுத்ததற்கு, சுருக்கம் எல்லாம் போய், பளபளவென்று அனுப்பிவிட்டார்கள். “ஸார், இது எங்கம்மா இல்லை, வேற யாரோ” என்றார். நல்லவேளை, ரா ஃபைல் இருந்தது. ஜேபெக்காக மட்டும் இருந்திருந்தால் காமிராவே பாதி முகத்தை வழித்திருக்கும்.

லைட்ரூமில் Detail என்ற பகுதியைத் திறந்தோம். முதலில் Color. ரா படத்துக்கு அது வழக்கமாக 25-ல் நிற்கும். 40-க்கு ஏற்றினதும் கன்னத்துக் கறைகள் மறைந்தன. நிறத்தில் நம் கண்ணுக்குக் கூர்மை கம்மி. அதனால் இதில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். எல்லையைக் காட்டியது அம்மாவின் குங்குமப் பொட்டு. 70-க்குப் போனபோது அதன் சிவப்பு ஓரம் தாண்டி நெற்றியில் கசிந்தது. திரும்ப 40.

அடுத்தது Luminance. ஆபத்து இங்கேதான். தோலின் நுண்துளைகளும் சுருக்கக் கோடுகளும் ஏறக்குறைய இந்தப் புள்ளிகளின் சைஸ்தான். எது தோல், எது இரைச்சல் என்று ஸாஃப்ட்வேருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். 60 வைத்துப் பார்த்தோம், ஸ்டூடியோக்காரர் அனுப்பிய அதே முகம் வந்தது! கன்னத்தைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், வழவழப்பு அழகாகவே தெரியும். புருவத்தைப் பாருங்கள். முடிகள் தனித்தனியாக இல்லாமல் மையால் இழுத்த கோடு மாதிரி தெரிந்தால் அளவு மீறிவிட்டது. அம்மாவின் புருவத்தில் நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது 20-ல். அங்கேயே நிறுத்தினோம்.

‘புள்ளி இன்னும் இருக்கே?’ என்பீர்கள். இருக்கட்டும். கண்ணை உறுத்துவது முகத்தில் இருக்கிற புள்ளியைவிடப் பின்னாலிருக்கும் இருட்டு வானத்தில் இருப்பதுதான். அதற்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதிலுள்ள Noise-ஐ 40 ஏற்றினோம். அங்கே துடைபட எந்தத் தோலும் இல்லை. ஆனால், இப்போது முகம் சொரசொரப்பு, வானம் வழவழப்பு. வெட்டி ஒட்டினது மாதிரி ஆகிவிட்டது. Effects-ல் Grain 15 சேர்த்ததும் இரண்டும் ஒன்றாயின. எடுத்ததையே திரும்பப் போடுவது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். ஆனால், இது நிறமில்லாத, படம் முழுக்க ஒரே சீரான பொடி. கண் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

கடைசியாகக் கூர்மை. இதைக் கவனிக்காவிட்டால் மிச்சம் வைத்த புள்ளியெல்லாம் மறுபடி எழுந்து நிற்கும். Sharpening-ல் Masking-ஐ, Alt விசையை அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாக இருக்கும் இடம்தான் கூர்மையாகும். 70-க்கு வந்தபோது கன்னம் கறுத்து, கண், உதடு, மூக்குத்தி மட்டும் வெள்ளையாக நின்றன. அதுதான் வேண்டும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. இருட்டாகவே எடுத்துவிட்டு, அப்புறம் நிழலை ஏகமாகத் தூக்கினால் தோலின் விவரமே ஃபைலில் இருக்காது, எந்தப் பட்டனாலும் வரவழைக்க முடியாது. ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து இருட்டாக எடுப்பதைவிட, ஏற்றிவைத்து முகத்தில் சரியான வெளிச்சம் விழ எடுப்பது மேல்.

புள்ளிகளைத் திரையில் நூறு சதவீதத்தில் பார்த்து ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். 24 மெகாபிக்ஸல் படத்தை 8x10 இஞ்ச் பிரின்ட்டுக்குச் சுருக்கும்போது ஏறக்குறைய மூன்று பிக்ஸல்கள் ஒன்றாகக் கலந்துவிடும், பாதிப் புள்ளி தானாகவே அடங்கும். ஒரு சின்ன பிரின்ட் போட்டு, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் தெரியாத புள்ளிக்காக யாருடைய சுருக்கத்தையும் அழிக்காதீர்கள்.