அப்பாவின் பிறந்த தேதி

1986-இல் அப்பா தொழிற்சாலையில் சேர்ந்தபோது, கிராணி அவரது பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதிவிட்டார். 3.8.1964 என்பது 8.3.1964 ஆயிற்று. ஓய்வு வயது 60. பதிவேட்டின்படி 2024 மார்ச்சிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம் போய்விடும்.

முந்தைய ஆண்டே அப்பாவுக்காக நான் கடிதம் எழுதினேன். குடும்பக் கதை எதுவும் சேர்க்கவில்லை. தொழிலாளர் எண், பதிவிலுள்ள தேதி, சரியான தேதி, திருத்தக் கோரிக்கை, அவ்வளவுதான். பிறப்புப் பத்திரம், மைகாட் நகல்களை இணைத்தேன். மைகாட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே 640803 என்று பிறந்த தேதியைச் சொல்லிவிடும். இரண்டும் ஒத்திருந்ததால் வாதத்துக்கு இடமில்லை. அடையாள அட்டையே தவறாக இருந்திருந்தால், முதலில் தேசியப் பதிவுத் துறைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

கடித நகலில் அலுவலக முத்திரையும் வாங்கி வைத்தோம். அப்பா ஆகஸ்டில்தான் ஓய்வு பெற்றார்.