உம்மும்மாவின் கிளிப்பச்சைச் சாரி

1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது எங்கட அல்பங்கள் வீட்டோடு போயின. உம்மும்மாவின் 80ஆவது பிறந்தநாள் படக்காட்சிக்குக் கொழும்புச் சொந்தங்களிடம் கிடைத்தவை ஏழு படங்கள்தான்.

கலர்ப் படங்கள் சிவந்திருந்தன. பழைய பிரிண்டில் பெரும்பாலும் சியான் சாயம் முதலில் மங்குவதால் சிவப்பு மேலோங்கும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வெள்ளைச்சுவர் வெள்ளையாகத் தெரியும்வரை சிவப்பைக் குறைத்தோம். மற்ற நிறங்களும் ஓரளவு திரும்பின.

நிக்காஹ் படம் கறுப்பு வெள்ளை. அதில் நிறமே பதிவாகவில்லை, உம்மும்மாவிடம்தான் கேட்டோம்.

"கிளிப்பச்சை. வாப்பா எடுத்துத் தந்தது."

மௌத்தான அவரின் தங்கைக்குப் படமே இல்லை. அந்த இடத்தில் பெயரை மட்டும் போட்டோம். சோனகதெரு உறவுகளே, உங்கட பழைய கலியாணப் படங்களில் ஓரமாக நிற்பவர்களையும் ஒருக்கா பாருங்கள்.