ஸோன் எண் இல்லாத ஷீட்

78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை வடக்கிலிருந்து தெற்காக வெட்டிக்கொண்டு போகிறது. சேலமும் மதுரையும் அதற்குக் கிழக்கே. ஈரோடு மேற்கே. திண்டுக்கல் நகரம் கோட்டுக்கு வெகு அருகில், மேற்குப் பக்கத்தில். யு.டி.எம். கணக்கில் 43-ஆம் ஸோன் முடிந்து 44 தொடங்குவது இந்தக் கோட்டில்தான். கிணறு, ஓடை, தடுப்பணை என்று கணக்கெடுக்கப் போன களக் குழுக்களுக்கு ஷீட் போட்டுக் கொடுத்தே என் உத்தியோகக் காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. அந்த வேலையின் கஷ்டமெல்லாம் இந்தக் கோட்டில்தான் இருந்தது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் ஓய்வு பெறும்போது, எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த தம்பி, "ஃபார்முலாவை ஒட்டி இழுத்தா முடிஞ்சது சார், இதுக்கு ஒரு ஆள் எதுக்கு?" என்றார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அது சரியில்லை.

அவர் ஒட்டிய ஃபார்முலா தப்பே இல்லை. எங்கும் கிடைப்பதுதான்:

```
D2: =INT((C2+180)/6)+1
E2: =6*D2-183
F2: =RADIANS(C2-E2)*COS(RADIANS(B2))
```

B-யில் அட்சரேகை, C-யில் தீர்க்கரேகை. D-யில் ஸோன் எண், E-யில் அந்த ஸோனின் நடுத் தீர்க்கரேகை. 43-க்கு 75, 44-க்கு 81. F-ஐ வைத்துத்தான் மீதித் தொடர் கணக்கு ஓடி, ஈஸ்டிங்கும் நார்த்திங்கும் வரும். ஒவ்வொரு வரியும் தன் ஸோனைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. வினையே அங்கேதான்.

சிறுமலை அடிவாரத்தில் இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 10.3 வடக்கு. ஒன்று 77.98 கிழக்கு, மற்றது 78.02. இடையில் நாலரைக் கிலோமீட்டர்கூட இல்லை, வண்டியில் பத்து நிமிஷம். ஷீட்டில் முதல் கிணற்றின் ஈஸ்டிங் 826429. இரண்டாவதன் ஈஸ்டிங் 173571. கழித்துப் பார்த்தால் 653 கிலோமீட்டர்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ணில் படாதா என்று கேட்பீர்கள். படாது. இரண்டு கிணற்றுக்கும் நார்த்திங் ஒன்றேதான்: 1140101. 78-ஆவது கோடு இரண்டு ஸோன்களின் நடுக்கோடுகளிலிருந்தும் சரியாக மூன்று டிகிரி தள்ளியிருப்பதால், கோட்டின் இரு பக்கமும் நார்த்திங் ஒத்துப்போகும். நார்த்திங் பத்தி ஒழுங்காக இறங்குவதைப் பார்த்தவர் ஷீட் சரி என்று நம்பிவிடுவார். இரண்டு ஈஸ்டிங்கையும் கூட்டினால் சரியாகப் பத்து லட்சம் வருவதையும் பாருங்கள். கோட்டுக்கு இரு புறமும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு அப்படித்தான் வரும். எல்லையோரப் பட்டியலில் ஈஸ்டிங் எட்டு லட்சத்திலிருந்து ஒரே தாவலில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு இறங்கினால், புள்ளிகள் ஸோன் மாறிவிட்டன என்று அர்த்தம்.

ஷீட்டில் D பத்தி இருக்கும்வரை ஆபத்தில்லை. களத்துக்குப் போகும் அச்சுப்பிரதியில்தான் அது காணாமல் போகிறது. தாளில் இடமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அந்தப் பத்தியை மறைத்துவிடுவார்கள். 173571-ஐ 43-ஆம் ஸோனில் வைத்திருக்கும் கைக்கருவியில் ஏற்றினால், அது 72.02 கிழக்கைக் காட்டும். லட்சத்தீவை ஒட்டிய கடல். 826429-ஐ 44-இல் ஏற்றினால் வங்காள விரிகுடா. கருவி குழுவைக் கடலுக்கு அனுப்பினால் பரவாயில்லை, பிழை உடனே தெரிந்துவிடும். அலுவலகத்தில் உட்கார்ந்து, வரைபடத்தில் "வெளியே விழுந்த" புள்ளிகளை ஒருவர் அழித்துவிட்டு, பாதிக் கிணறுகளோடு அறிக்கை எழுதுவதுதான் பெரிய கேடு. அப்படி வந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தலைமை வரைவாளர். கம்ப்யூட்டரைத் தொடாதவர். அட்டவணைப் புத்தகமும் கால்குலேட்டரும் வைத்து ஈஸ்டிங் கணக்கிட்டவர். ஸோன் எண் எழுதாத தாளை அவரிடம் நீட்டினால் படிக்கவே மாட்டார். "எந்த ஊருன்னு எழுதாம கதவு நம்பர் மட்டும் எழுதுறியே, தபால்காரன் எங்கே போவான்?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிடுவார். ஸோன் எண்ணை இலக்கங்களுக்கு முன்னால் எழுதச் சொல்வார், பின்னால் எழுதினால் வெட்டுப்பட்டுப் போகும் என்பார். வெறும் 44 என்றும் எழுத விடமாட்டார். 44-க்குப் பக்கத்தில் N என்று போட்டு 'வடக்கு' என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பட்டை எழுத்து முறையில் N என்றால் 0 முதல் 8 டிகிரி வரை. நம் மாநிலம் முழுக்க 8-க்கு மேலே, P பட்டையில். இரண்டு முறையில் எது என்று ஷீட்டின் தலைப்பில் எழுதியிருக்க வேண்டும் என்பார். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் காட்டிய தீர்வையே கடைசிவரை பின்பற்றினேன். ஒரு திட்டத்துக்கு ஒரே ஸோன். வேலையில் பெரும்பகுதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஸோன். E பத்தியில் கணக்கே கூடாது. நடுத் தீர்க்கரேகையை K1-இல் ஒருமுறை எழுதி, எல்லா வரியும் அதையே பார்க்க வேண்டும்:

```
K1: 81
D2: =($K$1+183)/6
E2: =$K$1
```

இப்போது முதல் கிணறும் 44-ஆம் ஸோன் கணக்கிலேயே வரும், இரண்டுக்கும் இடையே சுமார் 4.4 கிலோமீட்டர் நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. ஸோன் விளிம்பில் கிரிட் தூரம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். 44-ஐ வைத்துக்கொண்டே பழனிவரை போனால் சுமார் 1.4 மீட்டர். கிணறு தேடுகிறவருக்கு இது ஒன்றுமில்லை. கால்வாய் வெட்ட அளவெடுக்கிறவர் கட்டாயம் திருத்தம் போட வேண்டும்.

"திருப்பி மாத்திப் பார்த்தேன் சார், சரியா வருது" என்பதுதான் இன்றைய சோதனை. போன கணக்கும் வந்த கணக்கும் அதே E பத்தியைப் படிப்பதால் எப்போதும் சரியாகத்தான் வரும். அது எதையும் நிரூபிக்காது. வேறு கருவியில் படித்த தெரிந்த புள்ளி ஒன்று வேண்டும். பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு இடையே தூரம் காட்டும் பத்தி ஒன்றும் வேண்டும். அந்தப் பத்தியில் 50 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் சிவப்பாகட்டும் என்று வைத்துவிட்டால், ஸோன் தாவல் அன்றே தெரிந்துவிடும்.

தூரப் பத்திக்கும் தப்பிவிடும் பிழை ஒன்று உண்டு. களப்பணியாளர் 78 டிகிரி 1 நிமிஷம் 12 விநாடி என்று எழுதிவருவார். அது 78.02. தட்டச்சு செய்பவர் அதை 78.0112 என்று அடித்துவிடுவார். இந்த உதாரணத்தில் பிழை ஒரு கிலோமீட்டருக்குள்தான், புள்ளி அதே ஊரில், அடுத்த தோட்டத்தில் விழும். இதைப் பிடிக்க, தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் நான்காம் இலக்கங்களை மட்டும் பத்தி முழுக்க ஓட்டிப் பாருங்கள். நிஜமான தசமமாக இருந்தால் அவை 00 முதல் 99 வரை கலந்து வரும். ஐம்பது வரிகளில் ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் அவை விநாடிகள். இப்போது வரும் பிள்ளைகளில் பத்தியை மேலிருந்து கீழே கண்ணால் படிக்கிறவரை நான் காணவில்லை. வரைபடத்தில் புள்ளி விழுந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

இன்னும் யாராவது ஷீட் அனுப்பி "சரி பாருங்க ஐயா" என்கிறார்கள். ஸோன், டேட்டம், யார் எந்தக் கருவியில் எடுத்தது, இந்த மூன்றும் முதல் வரியில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.