தொண்ணூறு நாள் கிடாக்கள்

ஜெராமில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. தரையிலிருந்து இடுப்புயரத்தில் பலகைகளை இடைவெளி விட்டு அடித்திருந்தார் அண்ணன். புழுக்கை கீழே விழுந்துவிடும். மழைக்காலத்திலும் குட்டிகள் ஈரத்தில் படுப்பதில்லை. மேலே பத்துப் போயர் கலப்புக் கிடாக்குட்டிகள். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பு வாங்கி வளர்த்துக்கொண்டிருந்தார்.

நான் போனது எடைபோடும் காலை. தீனி வைக்குமுன் தூக்குத் தராசில் மாட்டினார். "தின்ன வயித்தோட போட்டா ஒரு கிலோ பொய் சொல்லும் தம்பி" என்றார். பதினைந்து கிலோவில் வந்த குட்டி முதல் மாதம் இரண்டு கிலோதான் ஏறும். பிறகு மாதத்துக்கு மூன்றரை. தொண்ணூறாம் நாள் இருபத்து நாலு கிலோ என்பது அவர் எதிர்பார்ப்பு. நாளுக்கு நூறு கிராம். நாட்டுக் குட்டி என்றால் இதில் பாதியை நம்பினால் போதும் என்கிறார்.

முதல் மாதம் மெதுவாக ஏறுவதற்குக் காரணம், அவர் வேண்டுமென்றே அடர்தீனியைக் குறைத்து வைப்பதுதான். புல் தின்று பழகிய வயிற்றுக்குத் திடீரெனத் தீனியைக் கொட்டினால் கழிச்சல் வரும். குடலில் கிருமி பெருகி, நேற்று துள்ளிய குட்டி விடியலில் செத்துக் கிடக்கும். நூறு கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குப் பின் முந்நூற்றைம்பது வரை போகிறார். அதோடு வெட்டிய நேப்பியர் புல் இரண்டு கிலோவுக்கு மேல்.

கணக்கை நோட்டில் காட்டினார். குட்டி 480 வெள்ளி. மூன்று மாத அடர்தீனி 27 கிலோ, 43 வெள்ளி. பூச்சி மருந்து, தடுப்பூசி, உப்பு 15. மொத்தம் 538. கிலோ 28 வெள்ளிக்கு விற்றால் 672. மிச்சம் 134. புல் வெட்டும் அவர் மனைவியின் கூலி இதில் இல்லை. அதையும் எழுதச் சொன்னேன். ஒரு குட்டி செத்தால் நாலு குட்டியின் லாபம் போய்விடும்.

கிடாக்களுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தீனியில் பெரும்பங்கு செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. அதில் சுண்ணாம்புச் சத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். அதனால் சிறுநீரில் கல் சேரும். கிடாவின் மூத்திரக்குழாய் குறுகலானது, அடைத்துக்கொள்ளும். சிறுவயதில் விதையடித்தவற்றுக்கு இன்னும் குறுகும். கோயில் வேண்டுதலுக்கும் விதையடிக்காத கிடாவைத்தான் கேட்கிறார்கள் என்பதால் அவர் விதையடிப்பதில்லை. தீனியில் சுண்ணாம்புத் தூள் கலக்கிறார், உப்புக்கட்டி தொங்கவிடுகிறார், தொட்டியில் தண்ணீர் வற்றவிடுவதில்லை. செம்மறிக் கிடாவுக்கு இந்தப் புண்ணாக்கை அதிகம் வைப்பதே கூடாது. அதிலுள்ள செம்பு ஈரலில் தங்கிக் கொல்லும்.

போன முறை ஒரு கிடா முதுகை வளைத்து முக்கியதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றியிருக்கிறார். மறுநாள் மருத்துவர் வருவதற்குள் மூத்திரப்பை வெடித்துவிட்டது.

இப்போது மாலையில் தீனி வைத்தபின் பலகையோரம் நின்று, ஒவ்வொரு கிடாவும் தாரையாக மூத்திரம் பெய்வதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார். அன்று பத்தாவது கிடாவுக்காக இருட்டும் வரை நின்றோம்.