ஏழு கட்டம், எட்டுத் தட்டு

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் இருக்கிறது டுரியான் துங்கால். தமிழ்ப்பள்ளி உள்ள சிற்றூர். மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடெமின் முதன்மை வளாகமும் இங்கேதான். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கான கிழமைப் பாடல் காணொளி ஒன்று உருவாகும் விதத்தை இங்கே கவனித்தேன். வேலை மூவருடையது. பாட்டெழுதுபவர் பாலர் பள்ளி டீச்சர். மற்ற இருவரில் ஒருவர் மெட்டுப் போடுகிறார், இன்னொருவர் கணினியில் படங்களை அசைக்கிறார். இவர்கள் கையிலிருப்பது ஒன்றரை நிமிடம். அந்த நேரத்துக்குள் ஏழு பெயர்களையும் அவற்றின் வரிசையையும் நான்கைந்து வயதுப் பிள்ளையின் வாயில் ஏற்ற வேண்டும். இந்த வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. கிழமைப் பாடலில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம் தேடுவதுதான் பெரும்பாலான காணொளிகள் வழுக்கும் இடம். அந்தப் படங்கள் பிள்ளையின் கண்ணைப் பிடிக்கின்றன, வரிசையைக் கற்றுத்தருவதில்லை. திரையில் ஒவ்வொரு கிழமைக்கும் மாறாத ஓர் இடம் இருந்தால் போதும். பாட்டு, மெட்டு, படம் மூன்றும் அந்த இடத்தைத்தான் சுட்ட வேண்டும்.

பாட்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் படம் எப்போது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பாட்டுதான். கிழமைகள் ஏழு; குழந்தைப் பாட்டின் தாளம் நான்கு நான்காக நடப்பது. எனவே எட்டுத் தட்டில் ஒரு தட்டு மிஞ்சுகிறது. அதை நிரப்ப ‘வாரம்’, ‘பாப்பா’ என்று எதையாவது சேர்த்தால் பிள்ளைக்கு எட்டாவது கிழமை ஒன்று இருப்பதாகத் தோன்றிவிடும். டீச்சர் அந்தத் தட்டைக் கைதட்டலுக்கு விட்டுவிடுகிறார்:

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்,
வியாழன், வெள்ளி, சனி – (தட்டு!)

எளிதாகத் தெரிகிற இந்த இரண்டு வரியில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு தட்டை நான்கு மாத்திரையாகப் பிரித்துப் பாடிப் பார்த்தால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றும் ஆளுக்கு நான்காகச் சரியாக அமர்கின்றன. புதன் மூன்றுதான். வியாழன் ஐந்து. வியாழனை ஒரே தட்டுக்குள் திணித்தால் பிள்ளைகள் ‘யாழன்’ என்றோ ‘வ்யாழன்’ என்றோ விழுங்கிவிடுவார்கள். தீர்வு பக்கத்திலேயே இருக்கிறது. புதன் மிச்சம் வைக்கும் ஒரு மாத்திரையில் ‘வி’யைப் பாடிவிட்டால், ‘யாழன்’ நான்கு மாத்திரையோடு அடுத்த தட்டில் நிமிர்ந்து நிற்கும். கடைசியில் வரும் சனிக்கு இரண்டே மாத்திரை. மெட்டுக்காக அதைச் ‘சனீ’ என்று இழுப்பது வழக்கத்தில் உண்டு. அப்படி இழுத்தால் பிள்ளை அந்தப் பெயரையே நீட்டிச் சொல்லப் பழகும். குறுக்கிச் சொல்லிவிட்டு அரைத் தட்டு மௌனம் விடுவதே நல்லது. பின்னால் கைதட்டல் வருவதால் அந்த மௌனம் வெறுமையாகத் தோன்றாது.

இனி வேகம். காணொளி நொடிக்கு 25 சட்டங்களாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 75 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 20 சட்டம்; எட்டுத் தட்டுக்கு 160 சட்டம், அதாவது 6.4 நொடி. தட்டும் சட்டமும் முழு எண்ணில் பொருந்துவதால் படம் போகப் போகப் பாட்டைவிட்டு நழுவாது. பதினான்கு சுற்று பாடினால் 89.6 நொடி, கேட்ட ஒன்றரை நிமிடம். அந்தப் பதினான்கும் இப்படிப் பிரிகின்றன: முன்னிசைக்கு ஒரு சுற்று, வரிசையைச் சொல்ல மூன்று, கேள்விக்கு ஏழு, படத்தின் உதவி இல்லாமல் பிள்ளைகளே பாட இரண்டு, முடிப்புக்கு ஒன்று.

படத்துக்கு வருவோம். திரையின் கீழ்ப்பகுதியில் நாள்காட்டி வரிசைபோல ஏழு கட்டங்கள், இடமிருந்து வலம். ஒவ்வொன்றிலும் முதலெழுத்து: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. முழுப்பெயர் எழுதினால் கைப்பேசித் திரையில் ஏழு பெயர்களும் பொடியாகிவிடும். முதலெழுத்துகள் ஏழும் வெவ்வேறாக இருப்பது நமக்கு வசதி. ஆனால் வி, வெ இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால், எழுத்து இப்போதுதான் பழகும் பிள்ளைக்கு அவை மயங்கும். ஆகவே இந்த இரண்டு கட்டங்களுக்கு மட்டுமாவது நன்றாகப் பிரிந்து தெரியும் நிறங்கள் வேண்டும். பெயர் ஒலிக்கும்போது அதன் கட்டம் ஒளிர்கிறது. கண்ணுக்குப் படம் ஓரிரு சட்டம் முந்தி வந்தால்தான் ஒலியோடு சேர்ந்து வந்ததுபோல் இருக்கும் என்பது அசைவூட்டத்தில் பழகிய விதி. வியாழனுக்கு அது போதாது. ‘வி’ தட்டுக்கு ஒரு மாத்திரை, அதாவது ஐந்து சட்டம், முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. இருபது சட்டத்துக்கு ஒருமுறை என்று இயந்திரம்போல ஒளியை நகர்த்தினால், வாய் வியாழனைத் தொடங்கும்போது திரையில் புதன் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இந்தப் பிழை இருக்கிறதா என்பதைப் பிள்ளையின் சுட்டுவிரலே சொல்லும்: கட்டங்களைத் தொட்டுக்கொண்டே பாடும் பிள்ளையின் விரல் நான்காவது கட்டத்தில் தயங்கி நிற்கும்.

‘வெறும் கட்டத்தை எந்தப் பிள்ளை பார்க்கும்? ஞாயிறுக்குச் சூரியன், திங்களுக்கு நிலா, வெள்ளிக்குக் கோயில், சனிக்கு விளையாட்டு என்று போட்டால்தானே திரையில் கண் நிற்கும்?’ என்பது முதல் மறுப்பு. கண் நிற்கும், ஆனால் எதில் நிற்கும் என்பதே கேள்வி. 1970களில் அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியைப் பார்க்கும் பிள்ளைகளின் விழி அசைவைப் பார்பரா ஃப்ளாக் என்ற ஆய்வாளர் பதிவுசெய்தார். திரையைப் பார்ப்பதும் பாடத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. எழுத்துகளின் அருகே ஒரு பொம்மைப் பாத்திரம் சேட்டை செய்தால் பிள்ளையின் கண் அதன்மேல்தான் போகும். திரையில் கண் இருக்கும், பாடத்தில் இருக்காது. கிழமைப் பாட்டில் நிலாவும் கோயிலும் செய்யக்கூடியது இதுதான். கண்ணைக் கட்டி வைக்க ஏழு படம் தேவையில்லை. கட்டங்களின்மேல் ஒவ்வொன்றாகக் கால்வைத்து நடக்கும் ஒரே ஒரு பாத்திரம் போதும். பிள்ளையின் கண் அசைவைத்தானே தொடரும், அந்த அசைவே வரிசையாகவும் இருக்கட்டும். அந்தப் பாத்திரமும் பார்வையாளரைப் பார்த்துக் கண்சிமிட்டாமல் அடுத்த கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சூரியனும் நிலாவும் பெயரிலேயே இருக்கின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. முதல் இரண்டுக்கு அது சரி. செவ்வாயும் வியாழனும் வானத்தில் எவை என்று அறியாத பிள்ளைக்கு அந்தப் படங்கள் இன்னொரு புதிர். சூரியன் ஏழு நாளும் எழுவதையும் பிள்ளை பார்க்கிறது. கோள்களைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

அன்றாட நிகழ்வுகளைப் படமாக்கும் வழியோ இன்னும் விரைவில் பொய்த்துப்போகும். மலாக்காவில் சனியும் ஞாயிறும் பள்ளி விடுமுறை. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறன்று அங்கே பள்ளி திறந்துவிடும். டுரியான் துங்காலில் தயாராகும் காணொளி சுங்கைப் பட்டாணியில் உள்ள தமிழ்ப் பிள்ளையின் கைப்பேசிக்கும் போகும். ஞாயிறுக் கட்டத்தில் மெத்தையில் புரளும் பையனைக் கண்டால், சீருடையோடு நிற்கும் அந்தப் பிள்ளை எதை நம்பும்? பாசார் மாலாம் கூடும் நாளும் ஊருக்கு ஊர் மாறும். ‘அப்படியானால் நம் ஊரே பாட்டில் இருக்காதே’ என்ற ஆதங்கம் நியாயமானது. ஊர் இருக்கட்டும், செம்பனை வரிசையும் தோட்டத்துக் கோயிலும் பின்புலத்தில் ஏழு நாளும் மாறாமல் நிற்கட்டும். மாறாத பொருள் எந்தக் கிழமையோடும் தவறாக ஒட்டிக்கொள்ளாது. நடக்கும் பாத்திரத்துக்குப் பள்ளிச் சீருடை வேண்டாம், வீட்டு உடை போதும் என்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது. வரிசையை ஒப்பிப்பது கிழமையை அறிவதாகுமா? ஆகாது. கிழமைகளும் மாதங்களும் பிள்ளை மனத்தில் எப்படி அமைகின்றன என்று ஆராய்ந்த வில்லியம் ஃப்ரீட்மன், சிறு பிள்ளைகள் அவற்றை முதலில் ஒரு சொல்வரிசையாகவே வைத்திருக்கிறார்கள் என்றும், பின்னோக்கி எண்ணிப் பார்க்கும் திறன் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது என்றும் காட்டினார். அதனால்தான் இந்தப் பாட்டின் கேள்விச் சுற்றுகளில் ‘நேற்று’ இல்லை, ‘நாளை’ மட்டுமே இருக்கிறது:

இன்று திங்கள், நாளை என்ன?
(மௌனம், மௌனம்) செவ்வாய்! (தட்டு!)

கேள்வி நான்கு தட்டு. அடுத்த இரண்டு தட்டு, 1.6 நொடி, குரல் இல்லை. பாத்திரம் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்க, அடுத்த கட்டம் எழுத்தில்லாமல் மினுங்கும். ஏழாம் தட்டில் விடையும் எழுத்தும் ஒன்றாக வரும். கேள்வியின் மெட்டுக்கு மாற்றம் வேண்டாம். ‘இன்று வியாழன்’ என்று பாடும்போதும் ‘இன்று’ மிச்சம் வைக்கும் மாத்திரையில் ‘வி’ அமர்ந்துகொள்கிறது. ஏழாவது கேள்விதான் கடினம்: சனிக்குப் பின் என்ன? பாத்திரம் வலப்பக்கம் வெளியே போய் இடப்பக்கம் நுழைந்து ஞாயிறில் கால்வைக்கிறது. இதற்காகவே கட்டங்களை வட்டமாக அடுக்கலாமே என்று கேட்கலாம். வட்டத்தில் தொடக்கம் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியும் வட்டமில்லை. வரிசையை மனத்தில் இடமாகக் காணும் திறன் தாமதமாகத்தான் வரும் என்றால் கட்டங்களால் என்ன பயன் என்று கேட்பாருக்கும் பதில் உண்டு: மனத்துக்குள் இன்னும் இல்லாத வரிசையைத்தான் விரலால் தொடும்படி வெளியே வைக்கிறோம். வீட்டில் ‘மண்டே’யும் பள்ளியில் ‘இஸ்னி’னும் கேட்கும் மலேசியப் பிள்ளைக்கு இதில் கூடுதல் பலன் இருக்கிறது. மூன்று மொழியிலும் அது அதே இரண்டாவது கட்டம்.

இப்படிப்பட்ட காணொளியை வெளியிடும் முன் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. படத்தை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கவையுங்கள். பிள்ளை வியாழனை விழுங்காமல் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒலியை அணைத்துப் படத்தை மட்டும் ஓடவிட்டு, பாத்திரம் காலைத் தூக்கும்போது அடுத்த கிழமையைக் கேளுங்கள். முதல் சோதனையில் தோற்றால் மெட்டை மாற்றுங்கள். இரண்டாவதில் தோற்றால் திரையில் வரிசையைத் தவிர வேறு ஏதோ பிள்ளையின் கண்ணை இழுக்கிறது; எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.