இரண்டு பெயரில் ஒரே மகன்

கோலார் தங்கவயலில் உழைத்து மறைந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்கரை அருளப்பன் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கப் பதிவேட்டில் அவர் எஸ். அருளப்பன். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் உள்ள பூர்விக நிலத்தின் பட்டா அவருடைய தந்தை சவரிமுத்துவின் பெயரில் இருக்கிறது. பெங்களூரில் வாழும் மகளின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் அருளப்பன் என்றுள்ளது. வாரிசுரிமையை மெய்ப்பிக்க, தந்தையின் ஞானஸ்நானச் சான்றைப் பங்குக் கோவிலிலிருந்து அவர் பெற்றுவந்தார். அதில் மகன் பெயர் 'யோவான்னெஸ்'. தந்தை பெயர் 'சவேரியி'.

"இதில் உங்கள் அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. மூன்று தலைமுறைக்கும் பொதுவான குடும்பப்பெயர்கூட இல்லையே, அம்மா" என்றார் அலுவலர்.

இருவருமே அதில் இருந்தார்கள். அக்காலப் பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டவை. யோவான் என்னும் எபிரேயப் பெயருக்குக் 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அதையே அருளப்பன் ஆக்கினர். சவேரியார் பெயர் சவரியாகி, முத்துவும் சேர்ந்து சவரிமுத்து ஆயிற்று. 'சவேரியி' என்பது தனிப் பெயரன்று. 'சவேரியுசின் மகன்' என்னும் தொடரில் வரும் வேற்றுமை வடிவம். சான்றைப் படியெடுத்தவர் அவ்வுருபைப் பெயரின் பகுதியாகவே எழுதிவிட்டார்.

பொதுக் குடும்பப்பெயர் இல்லாததும் பிழையன்று. தந்தையின் ஞானஸ்நானப் பெயரே பிள்ளைக்கு முதலெழுத்தாகவோ பின்பெயராகவோ அமைவதால், அது தலைமுறைதோறும் மாறும். சீர்திருத்தச் சபைக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. 1912இல் தோர்னக்கல் பேராயரான வி. எஸ். அசரியாவின் 'வி', அவர் தந்தை தாமஸ் வேதநாயகத்தின் பெயரிலிருந்து வந்தது. அசரியா என்னும் பெயரை வைத்துத் தந்தையின் பதிவுகளைத் தேடும் ஆய்வாளர் அவரைக் காணமாட்டார்.

பெயர்ப்பொருளை விளக்கினால் மட்டும் ஆளடையாளம் உறுதியாகிவிடாது. ஓர் ஊரில் பல யோவான்கள் இருந்திருக்கலாம். எனவே மகள், தட்டச்சுச் சான்றை விடுத்து, மூலப் பதிவின் முழுப்படியை ஓரக்குறிப்புகளோடு கேட்டார். திருமணம் நடந்தால் அச்செய்தியை ஞானஸ்நானப் பதிவில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த யோவான்னெசின் பதிவோரத்தில் தங்கவயலில் நடந்த திருமணத்தின் நாளும் மணமகளின் பெயரும் இருந்தன. அவை பெற்றோரின் திருமணச் சான்றோடு பொருந்தின. மணம் நடந்த பங்கிலிருந்து தகவல் வந்திராவிட்டால் அந்த ஓரம் வெறுமையாகவே இருந்திருக்கும். அப்போது தாய், ஞானத்தாய் தந்தையர், பிறந்த நாள் ஆகியவற்றையே ஒப்பிட வேண்டியிருக்கும்.

ஆவணங்களைப் பெற்றுக்கொண்ட அலுவலர், எந்தப் பெயரைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். எதையும் திருத்த வேண்டாம், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று எழுதினால் போதும் என்றார் மகள்.