வெள்ளி இரவு

தம்பி தோஹாவிலிருந்து கோல் எடுத்து, "வாப்பா, நான் வெள்ளி ராவு வாறன்" என்றான். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வேன்காரரைப் பிடித்தார். வியாழன் மஹ்ரிப் தொழுத கையோடு பாலமுனையிலிருந்து புறப்பட்டோம். கட்டுநாயக்கவுக்கு ஒன்பது மணித்தியால ஓட்டம். வெள்ளி விடியற்காலை நான்கு மணிக்கு வருகை வாசலில் நின்று பலகையைப் பார்த்தால், தோஹா பிளைட் ஒன்று வந்துதான் இருந்தது. தம்பி அதில் இல்லை. போன் போட்டால் தூக்கத்திலிருந்து எழும்பி, "என்ன வாப்பா, இன்னும் பெட்டியே கட்டல்லயே" என்கிறான்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் வெள்ளி இரவு என்றால் வியாழன் மஹ்ரிபுக்குப் பிறகு வருகிற இரவு. யாசீன் ஓதுவதும் அன்றைக்குத்தான். எங்கள் நாள் மஹ்ரிபில் பிறக்கிறது, டிக்கட்டின் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. கத்தாரில் ஆறு வருஷம் இருந்த தம்பிக்கு டிக்கட் கணக்கு பழகிப்போயிருந்தது. வாப்பாவுக்குப் பழகவில்லை. நேர வித்தியாசம் இரண்டரை மணி என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பிழைத்தது இருபத்திநாலு மணி.

டிக்கட்டை முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். வெள்ளி 20:40 தோஹா, சனி 03:50 கொழும்பு. இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். அதை அறியாமல் 03:50க்கு மேலே இரண்டரை மணியைக் கூட்டி, ஆறு இருபதுக்குப் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். 20:40இலிருந்து 03:50 வரை எண்ணினால் ஏழு மணி பத்து நிமிடம். அதில் இரண்டரையைக் கழித்தால் நாலு நாற்பது. தோஹாவிலிருந்து இங்கே பறக்க அவ்வளவுதான் பிடிக்கும். ஏழு பத்தோ ஒன்பது நாற்பதோ வந்தால் எங்கோ கூட்டல் கழித்தல் மாறிவிட்டது.

ஊருக்குத் திரும்பிப்போய் மறுபடி வர வழியில்லை. தம்பி தோஹாவில் இருந்தபடியே நீர்கொழும்பில் ஒரு அறை புக் பண்ணித் தந்தான். பகல் ஜும்ஆவுக்குப் போன இடத்தில் மச்சானின் கூட்டாளி ஒருவர் கண்டு, வீட்டுக்கு வாங்க என்று பிடித்துக்கொண்டார். அறையை ரத்துச் செய்யச் சொல்லி நான் மெசேஜ் போட்டேன். மாலை ஆறு மணி வரை இலவசமாக ரத்துச் செய்யலாம் என்று போட்டிருந்ததாம். தம்பி பெட்டியைக் கட்டி, கயிறு போட்டு, சாவகாசமாக நான்கு மணிக்குப் போனை எடுத்தான். ஆனால் அந்த ஆறு மணி அறை இருக்கிற ஊரின் ஆறு மணி. தோஹாவில் மூன்றரைக்கே முடிந்துவிட்டது. அரை மணி பிந்தியதற்கு ஒரு இரவுக் காசு முழுதாகப் போனது. அதிலிருந்து எந்தக் கெடுவையும் நான் இரண்டு ஊர் நேரத்திலும் எழுதிவைப்பேன், ஊர்ப் பேரோடு.

அரை மணி எங்கள் வீட்டை ஏமாற்றியது இது முதல் தடவையல்ல. வாப்பா சவூதியில் இருந்தது 1997 முதல் 2004 வரை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கையின் கடிகாரத்தை முதலில் ஒரு மணி முன்னே தள்ளி, சில மாதங்களில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் அது பழையபடி ஐந்தரைக்கு வந்தது. ஆகவே வாப்பா இருந்த காலம் முழுக்க சவூதிக்கும் நமக்கும் சரியாக மூன்று மணி. அந்தக் கணக்கு அவர் தலையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. தோஹாவும் சவூதியும் ஒரே நேரம்தானே என்று, தம்பியின் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டு நேரத்துக்குப் பேச பின்னேரம் மூன்று மணிக்குக் கோல் எடுப்பார். அங்கே பன்னிரண்டரை. அரை மணி இடைவேளை முடிந்து, போன் லொக்கருக்குள் கிடக்கும். "பெடியன் வேணுமென்டு எடுக்கிறானில்ல" என்று உம்மாவிடம் முறைப்படுவார்.

லண்டன்காரர் வீடுகளின் பாடு இதைவிட மோசம். மார்ச்சின் கடைசி ஞாயிறில் ஐந்தரை நாலரையாகும், ஒக்டோபரின் கடைசி ஞாயிறில் திரும்ப ஐந்தரை. வளைகுடாக்காரர்களுக்கு அந்தத் தொல்லையாவது இல்லை.

வெள்ளி பின்னேரம் நீர்கொழும்பு வீட்டில் வாப்பாவுக்கு டிக்கட்டைப் படித்துக் காட்டினேன். "வெள்ளி ராவு ஏறுறான் வாப்பா, நம்மட நேரம் சனி மூணு ஐம்பதுக்கு, சுபஹுக்கு முந்தி இறங்குறான்." வாப்பா தஸ்பீஹை உருட்டியபடி யோசித்தார். "இண்டைக்கு மஹ்ரிபோட சனி ராவு தொடங்குதே," என்றார், "அப்ப சனி ராவு வாறன் எண்டெல்லோ அவன் சொல்லியிருக்கணும்."